வலயமும் எம்.ஐ.சி.யும்: வாய்மொழிப் பரீட்சைக்கு முன் பார்க்க வேண்டிய கேள்விகள்

வெள்ளவத்தைச் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு,

அடுத்த கிழமை உங்களுக்கு அண்டிபயோடிக் உணர்திறன் சோதனை பற்றிய வாய்மொழிப் பரீட்சை. போன முறை பலர் எல்லை எண்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் பிளேட்டைக் கையில் கொடுத்ததும் தடுமாறிப் போனார்கள். அதனால் இந்த முறை கேள்விகளைப் பிளேட்டிலிருந்தே எழுதியிருக்கிறேன். விடையைப் பார்க்காமல் ஒருமுறை செய்து பாருங்கள். எல்லை எண்கள் சி.எல்.எஸ்.ஐ. அட்டவணையின்படி. அந்த அட்டவணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும், ஆகவே பரீட்சைக்குப் போகும்போது புதிய பதிப்பைப் பாருங்கள்.

கேள்வி 1. சிறுநீரில் வளர்ந்த ஈ. கோலை. சிப்ரோஃபிளொக்சசின் வலயம் 24 மி.மீ., ஜென்டமைசின் 21 மி.மீ. "சிப்ரோவின் வலயம்தான் பெரிது, அப்படியென்றால் அதுதான் நன்றாக வேலை செய்யும்" என்கிறார் உங்களோடு படிப்பவர். சரியா?

தவறு. சிப்ரோவுக்கு 26 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எஸ், அதாவது பக்டீரியா மருந்துக்குப் பணியும். 22 முதல் 25 வரை இடைநிலை, 21 அல்லது அதற்குக் கீழ் ஆர், அதாவது எதிர்ப்பு. எனவே 24 என்பது இடைநிலை. ஜென்டமைசினுக்கு 18 அல்லது அதற்கு மேல் எஸ், ஆகவே 21 எஸ். சிறிய வலயம் உள்ள மருந்துதான் இங்கே எஸ்.

ஏன் இப்படி? வலயத்தின் அளவைத் தீர்மானிப்பது பக்டீரியா மட்டுமல்ல. டிஸ்கில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது (சிப்ரோ 5, ஜென்டமைசின் 10), அந்த மூலக்கூறு அகாரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, பக்டீரியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு மருந்தின் வலயத்தை அதே மருந்தின் எல்லையோடு மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொரு மருந்தின் வலயத்தோடு ஒருபோதும் ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019க்கு முன் சிப்ரோவின் எஸ் எல்லை 21 மி.மீ. அன்று இதே பிளேட், இதே 24, எஸ் என்று போயிருக்கும். பக்டீரியா மாறவில்லை, நம் அறிவு மாறியிருக்கிறது. பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஆய்வுகூடம் நோயாளிக்குத் தீங்கு செய்கிறது என்பதே என் எண்ணம்.

கேள்வி 2. கட்டுப்பாட்டு இனமான ஈ. கோலை ஏ.டி.சி.சி. 25922ஐ வைத்தீர்கள். ஜென்டமைசின் 29 மி.மீ. வந்திருக்கிறது. ஏற்கத்தக்க வீச்சு 19 முதல் 26. என்ன செய்வீர்கள்?

முதலில் செய்ய வேண்டியது, அன்றைய நோயாளிப் பிளேட்டுகளின் முடிவை வெளியே விடாமல் நிறுத்துவது. இதைச் சொல்லாதவருக்கு நான் பாதிப் புள்ளிதான் கொடுப்பேன்.

அடுத்து மற்ற டிஸ்குகளைப் பாருங்கள். எல்லா வலயங்களும் பெருத்திருந்தால் பிழை பொதுவானது: அகார் மெல்லியது, அல்லது தூவிய கலங்கல் ஐதானது. ஜென்டமைசின் மட்டும் பெருத்திருந்தால் முல்லர் ஹின்டன் அகாரின் பி.எச். அளவைப் பாருங்கள். அது 7.2 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். காரத்தன்மை கூடினால் அமினோகிளைக்கோசைட்டுகளின் வீரியம் கூடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் புதிதாகச் சேர்ந்த ஆய்வுகூடத்தில் ஒரு கிழமை முழுக்க வலயங்கள் பெருத்துக்கொண்டே வந்தன. டிஸ்கை மாற்றினோம், கலங்கலை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் ஒரு பிளேட்டிலிருந்து அகாரைக் கத்தியால் வெட்டி எடுத்து, பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 4 மி.மீ., எதிர்ப்பக்கம் 2 மி.மீ.கூட இல்லை. ஊற்றும் மேசை சாய்ந்திருந்தது. மெல்லிய பக்கத்தில் மருந்து கீழே இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. வலயங்கள் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டு முட்டை மாதிரி இருந்தன, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. 90 மி.மீ. பிளேட்டுக்கு 4 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 25 மி.லீ. அகார் வேண்டும். அளந்து ஊற்றுங்கள்.

கொழும்பு ஈரக்காற்றையும் மறக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குழாயை அறை வெப்பநிலைக்கு வரும் முன் திறந்தால் டிஸ்கின் மேல் நீர் படியும். கிளவுலனேட், இமிபெனம் போன்றவை ஈரத்தில் சீக்கிரம் சிதையும். அப்போது வலயம் சுருங்கி, பொய்யான ஆர் வரும்.

கேள்வி 3. செஃப்ட்ரையக்சோனுக்கான மைக்ரோ நீர்ப்புத் தட்டு. குழிகள் லீற்றருக்கு 16, 8, 4, 2, 1, 0.5, 0.25 மி.கி. 1 வரை கலங்கல், 2 முதல் மேலே தெளிவு. எம்.ஐ.சி. என்ன? மறுநாள் அதே இனம் 4 கொடுத்தால் யார் பிழை?

எம்.ஐ.சி. 2. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியைத் தடுத்த மிகக் குறைந்த செறிவுதான் எம்.ஐ.சி. பக்டீரியா செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. உண்மையில் தடை தொடங்கும் புள்ளி 1க்கும் 2க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நாம் இரட்டிப்புப் படிகளில் அளப்பதால் மேல் படியை எழுதுகிறோம். என்டரோபக்டீரியாக்களுக்கு இந்த மருந்தில் 1 வரை எஸ், 2 இடைநிலை, 4 முதல் ஆர்.

மறுநாள் 4 வந்தால் யாரும் பிழை செய்யவில்லை. ஒரு படி மேலோ கீழோ நகர்வது இந்த முறையின் இயல்பான தள்ளாட்டம். இடைநிலை என்ற வகைக்கு ஒரு பயன், இந்தத் தள்ளாட்டத்தால் ஓர் இனம் எஸ் பக்கத்திலிருந்து நேரே ஆர் பக்கத்துக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் 2 தெளிவு, 4 கலங்கல், 8 தெளிவு என்று வந்தால் அது தள்ளாட்டமல்ல. தொற்றோ துளி தவறியதோ இருக்கும். திரும்பச் செய்யுங்கள்.

இதிலேயே ஒரு சிறு கணக்கு. 0.5 மக்ஃபார்லண்ட் கலங்கலில் மி.லீ.க்கு 1.5 × 10<sup>8</sup> கலங்கள் என்று எடுங்கள். குழியிலும் மி.லீ.க்கு 5 × 10<sup>5</sup> வேண்டும். 150 மடங்கு நீர்த்தால் 10<sup>6</sup>. குழியில் ஏற்கெனவே உள்ள 50 மைக்ரோலீற்றர் மருந்தோடு 50 மைக்ரோலீற்றர் கலங்கலைச் சேர்த்தால் பாதியாகி 5 × 10<sup>5</sup>. மருந்தும் பாதியாகும், அதனால் தொடக்கத்தில் அதை இரட்டிப்பாகக் கரைத்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் விழுகிறார்கள்.

கேள்வி 4. கிளெப்சியெல்லா. செஃபோடாக்சிம் 15, செஃபோடாக்சிம் கிளவுலனேட் 24. செஃப்டசிடிம் 19, செஃப்டசிடிம் கிளவுலனேட் 22. செஃபொக்சிடின் 23. விளக்குங்கள்.

ஈ.எஸ்.பி.எல்., அதாவது விரிந்த வீச்சுப் பீற்றா லக்டமேஸ், நேர்மறை. கிளவுலனேட் சேர்ந்ததும் வலயம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால் போதும், இரண்டு சோடிகளில் ஒன்றில் கூடினாலே முடிவு உறுதி. இங்கே செஃபோடாக்சிமில் 9 கூடியிருக்கிறது. செஃப்டசிடிமில் 3தான், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சி.டி.எக்ஸ். எம். குடும்பத்து நொதிகள் பல செஃபோடாக்சிமையே அதிகம் சிதைப்பவை, இந்தப் பிளேட் அந்தச் சாயலில் இருக்கிறது.

உள்ளே நடப்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். பீற்றா லக்டம் மருந்துகளின் உயிர்நாடி நான்கு அணுக்களாலான ஒரு சிறு வளையம். அது பக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கும். பீற்றா லக்டமேஸ் அந்த வளையத்தை நீரேற்றத்தால் உடைக்கும், உடைந்தபின் மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கிளவுலனிக் அமிலத்திலும் அதே வளையம் உண்டு. நொதி அதைக் கடிக்கும், ஆனால் விட முடியாமல் தானே முடங்கிப்போகும். நொதி முடங்கியதும் பக்கத்தில் இருக்கும் செஃபோடாக்சிம் தப்பிப் பிழைக்கிறது. அந்த 9 மி.மீ. அதன் தடயம். இரட்டை டிஸ்க் முறையில் வைத்தால் இரு டிஸ்குகளுக்கும் நடுவே வலயம் சாவித்துவாரம் போல் நீண்டு தெரியும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார்.

செஃபொக்சிடின் 10ஆகி, கிளவுலனேட்டாலும் ஒன்றும் கூடவில்லையென்றால்? ஆம்ப் சி நொதியைச் சந்தேகியுங்கள். கிளவுலனேட் அதைச் சரியாகத் தடுக்காது. ஈ.எஸ்.பி.எல்.லும் ஆம்ப் சியும் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதை மறைக்கும்.

கேள்வி 5. ஸ்டஃபிலொகொக்கஸ் ஓரியஸ். பென்சிலின் வலயம் 30 மி.மீ., செஃபொக்சிடின் 24 மி.மீ. பென்சிலினை எஸ் என்று எழுதலாமா?

எண்ணை மட்டும் பார்த்தால் எழுதலாம், எல்லை 29. ஆனால் கையெழுத்திடும் முன் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்து வலயத்தின் ஓரத்தைப் பாருங்கள். வளர்ச்சி படிப்படியாக மெலிந்து, காலிமுகத்திடல் கரையில் அலை மணலில் தேய்ந்து போவதுபோல் மறைந்தால் நொதி இல்லை. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தடித்து நின்றால் பீற்றா லக்டமேஸ் இருக்கிறது: 30 வந்தாலும் ஆர். நைட்ரோசெஃபின் வைத்துப் பார்க்கலாம், மஞ்சள் சிவப்பானால் நேர்மறை. ஆனால் சில இனங்களில் அது தவறவிடும், ஓரம் பிடித்துக்கொடுக்கும்.

செஃபொக்சிடின் 24 என்பது வேறொரு கேள்விக்கான விடை. எம்.ஆர்.எஸ்.ஏ.யில் நடப்பது மருந்து சிதைவதல்ல. மெக் ஏ மரபணு தரும் புதிய இலக்குப் புரதத்தில் மருந்து ஒட்டாது. எல்லை 22, ஆகவே இது எம்.ஆர்.எஸ்.ஏ. அல்ல. ஓரம் தடித்திருந்தால் இந்த நோயாளிக்குப் பென்சிலின் உதவாது, குளொக்சசிலின் உதவும். ஒரே பக்டீரியா, இரண்டு பொறிமுறைகள், இரண்டு டிஸ்குகள். இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

கேள்வி 6. வன்கோமைசினுக்கு ஸ்டஃபிலொகொக்கஸில் டிஸ்க் ஏன் போடுவதில்லை?

பெரிய மூலக்கூறு, அகாரில் மந்தமாகப் பரவும். எம்.ஐ.சி. 2க்கும் 8க்கும் இடையிலான வித்தியாசம் வலயத்தில் தெரியாது. எம்.ஐ.சி. செய்ய வேண்டும். கொலிஸ்டினுக்கும் இதே கதை, அதற்கும் மைக்ரோ நீர்ப்பு போன்ற எம்.ஐ.சி. முறை வேண்டும்.

கேள்வி 7. புரொட்டியஸ் வலயத்துக்குள் மெல்லிய திரை. கோட்ரைமொக்சசோல் வலயத்துக்குள் மங்கல். கிளெப்சியெல்லாவுக்கு அம்பிசிலின் எஸ்.

முதலாவது ஊர்தல், கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவதில் 80 வீதம் வளர்ச்சி குறைந்த இடத்தில் அளங்கள். மூன்றாவதை நம்பவே வேண்டாம். கிளெப்சியெல்லா நியூமோனியேக்கு அம்பிசிலின் எதிர்ப்பு பிறவியிலேயே உண்டு. இனங்காணல் பிழையா, பிளேட் பிழையா என்று தேடுங்கள்.

கேள்வி 8. இரவு 11 மணி. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஹவுஸ் ஒபிசர் அழைக்கிறார்: "இரத்தத்தில் வந்த கிளெப்சியெல்லாவுக்கு மெரொபெனம் 17 மி.மீ. என்கிறீர்கள். கொஞ்சம்தானே குறைவு, டோஸைக் கூட்டிக் கொடுக்கலாமா?"

எஸ் எல்லை 23, ஆனால் 19 அல்லது அதற்குக் கீழ் ஆர். 17 எல்லையோரம் அல்ல. மருந்தளவு பற்றிய முடிவு உங்களுடையது அல்ல. "டொக்டர், இது ஆர். கார்பபெனமேஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம், எங்கள் மைக்ரோபயோலொஜி கன்சல்டன்டுக்கு இப்போதே சொல்கிறேன், அவரோடு பேசுங்கள்" என்று சொல்லுங்கள்.

பிறகு எம்.சி.ஐ.எம். வையுங்கள். பக்டீரியா கலந்த குழம்பில் 10 மைக்ரோகிராம் மெரொபெனம் டிஸ்கை நாலு மணி நேரம் ஊறவிட்டு, ஏ.டி.சி.சி. 25922 தூவிய பிளேட்டில் போடுங்கள். வலயம் 6 முதல் 15 மி.மீ. வரை வந்தால் டிஸ்கிலிருந்த மருந்தை நொதி சிதைத்துவிட்டது. ஈ.டி.டி.ஏ. சேர்த்த இரண்டாவது குழாயில் வலயம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் திரும்பினால் அது துத்தநாகத்தை நம்பி வேலை செய்யும் நொதி, என்.டி.எம். அந்த வகை. கிளவுலனேட் அதைத் தொடாது. விடை நாளைதான் வரும், ஆனால் வாட்டில் அந்த நோயாளியைத் தனிமைப்படுத்தச் சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.