இரண்டாம் வகுப்பில் சின்னம்மை: பெற்றோர் கவனத்துக்கு

யாங்கோன், 9.2.2025, ஞாயிறு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை நம் கோயில் தமிழ் வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கழுத்தைச் சொறிந்தபடியே இருந்தது. கன்னத்துத் தனக்காவைத் துடைத்துப் பார்த்தால் அடியில் நீர் கோத்த நாலைந்து கொப்புளங்கள். சின்னம்மைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே பாயில் உட்காரும் இன்னொரு பிள்ளைக்கும் இன்று போட்டிருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம்.

முதலில் லேசான காய்ச்சல், அசதி, சாப்பாடு வேண்டாம் என்கிற முகம். பிறகு மார்பு, முதுகு, முகத்தில் சிவப்புப் புள்ளிகள் வந்து, நீர்க்கொப்புளமாகி அரிக்கும். கடைசியில் பொருக்குத் தட்டும். தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள் தெரியவரும். அதனால் மார்ச் 2 வரை, முக்கியமாக இம்மாதம் 18-க்குப் பிறகு, தினமும் காலையில் தனக்கா பூசுமுன் பிள்ளையின் உடம்பைப் பாருங்கள். புள்ளி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும்.

ஒரு புள்ளி கண்டாலும் அனுப்பாதீர்கள். செவ்வாய்க்கிழமை தைப்பூசம், பால்குடம் நேர்ந்திருந்தாலும் அந்தப் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம், முருகன் பொறுத்துக்கொள்வார். அண்ணன், தங்கைக்கு ஒன்றும் இல்லையென்றால் வரலாம்.

திரும்பி வருவது பற்றித்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு வருகிறது. "மூணாந் தண்ணி ஊத்தியாச்சு டீச்சர்" என்பது வீட்டுக் கணக்கு. வேப்பிலையும் மஞ்சளும் வைத்து ஊற்றுவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் ஒன்று ஈரமாக இருந்தாலும் தொற்றும். புள்ளி வந்து 5 நாளாவது ஆகி, எல்லாம் காய்ந்து பொருக்காகி, காய்ச்சலும் விட்டிருக்க வேண்டும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தடுப்பூசி போட்ட சில பிள்ளைகளுக்குக் கொப்புளமே வராது. அவர்களுக்கு 24 மணி நேரமாகப் புதுப் புள்ளி இல்லாமல் இருந்தால் போதும். வரும் நாளில் தனக்கா பூசாமல் 7.45-க்கு அழைத்து வாருங்கள், வாசலிலேயே கையையும் முதுகையும் பார்த்துவிடுகிறோம். டாக்டர் சீட்டு வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, பிள்ளைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். டாக்டர் சொல்லாமல் இபுபுரூஃபனும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் இதுவரை அம்மை போடாத கர்ப்பிணி இருந்தால், புள்ளி வரும்வரை காத்திராமல் இப்போதே டாக்டரிடம் சொல்லிவைக்கவும். கைக்குழந்தை உள்ளவர்களும் அப்படியே.

விடுபடும் பாடத்தை வைபரில் அனுப்புகிறோம். வருகைப் பதிவில் குறைக்க மாட்டோம்.

பொறுப்பாசிரியை,
கோயில் தமிழ் வகுப்பு