ஞாயிறு சாயங்காலம் ஐந்து நிமிஷம்

நிவேதா,

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டலக்கா, திங்கட்கிழமையை நினைச்சாலே வயித்தக் கலக்குது" என்றாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலருக்கும் இது வரும். இதற்காக உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, வாராவாரம் அடிக்கிற மாதிரி போனில் ஒரு ரிமைண்டர் வை. அடித்ததும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வரும் வாரத்தை ஒரு தாளில் எழுது.

"கிடைக்கிறதே ஒரு நாள் லீவு, அதிலும் சைட் வேலையா?" என்று கேட்பாய். நியாயம்தான். ஆனால் இப்போதும் அந்த லீவு உன் கையில் இல்லையே. கியூப் டெஸ்ட் என்றைக்கு, பில் செக் பண்ணினோமா என்று ஒன்று மாற்றி ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத வேலை பாக்கி இருந்தவர்களுக்கு, வேறு எதையாவது படிக்கும்போதும் அந்த நினைப்பே குறுக்கே வந்தது. அதை எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு குறைந்தது. அவர்களும் வேலையை அப்போது முடித்திருக்கவில்லை. எப்போது என்று முடிவானதே போதுமாக இருந்தது. உன் ஞாயிற்றுக்கிழமை உனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் தொழிலுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் கான்கிரீட்டே வாரக்கணக்கில்தான் நடக்கிறது. கியூபை 7 நாளிலும் 28 நாளிலும் உடைக்கிறோம். ஐ.எஸ். 456-இல் முட்டு பிரிக்கும் கணக்கைப் பார். ஸ்லாபுக்கு நாலரை மீட்டர் ஸ்பான் வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. எல்லாமே ஏழின் மடங்கு. செவ்வாய்க்கிழமை ஊற்றிய ஸ்லாபின் கெடு இன்னொரு செவ்வாய்க்கிழமைதான் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, கான்கிரீட் ஊற்றிய தேதிகளைக் குறிக்கும் ரிஜிஸ்டரின் போட்டோவை ஒரு தடவை பார்த்தாலே அந்த வாரம் எது எந்த நாளில் விழுகிறது என்று தெரிந்துவிடும். திங்கள் காலை எட்டு மணிக்கு இதைத் தேட முடியாது. மேஸ்திரி லெவல் கேட்பார், கம்பி லாரி கேட்டில் நிற்கும், யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் வேலைதான் முதலில் நடக்கும்.

எழுதும்போது "கியூப் டெஸ்ட்" என்று மொட்டையாக எழுதாதே. இப்படி எழுது:

செவ்வாய் காலை 10, லேப்: பி பிளாக் காலம் கியூப், 28 நாள்.
புதன் சாப்பாட்டுக்குப் பிறகு: முதல் மாடி பீம் கம்பி, டிராயிங்கோடு ஒத்துப் பார்க்க.
வியாழன் மாலை 4: வெள்ளிக்கிழமை கான்கிரீட்டுக்கு ஆர்.எம்.சி. பிளான்ட்டுக்கு போன்.
சனி இரவு: அம்மாவோடு பேச, ஹாஸ்டல் வாடகை அனுப்ப.

கடைசி வரியை விட்டுவிடாதே. சைட் வேலையை மட்டும் எழுதினால் உன் சொந்த வேலையெல்லாம் இரவு பதினோரு மணிக்குத் தள்ளிப்போகும். நாலைந்து வரிக்கு மேலும் வேண்டாம். ஒரு நாளில் முடிகிற வேலையை நாம் எப்போதும் கூடுதலாகத்தான் கணக்குப் போடுகிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

ஐந்து நிமிஷம் ஆனதும் தாளை மடித்துவிடு. அரைமணி நேரம் கலர் பேனாவோடு அட்டவணை போட ஆரம்பித்தால் மூன்றாவது வாரமே விட்டுவிடுவாய். நிறைய பேர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். "ஞாபகம் இருக்கும், ரிமைண்டர் எதற்கு?" என்றும் நினைக்காதே. களைத்துப்போன வாரத்தில்தான் இது உனக்கு அதிகம் வேண்டும், அந்த வாரத்தில்தான் மறந்தும் போகும். ரிமைண்டரில் "பிளானிங்" என்று போடாமல், "இந்த வாரம் எந்த நாளில் எது விழுகிறது?" என்று கேள்வியாகவே போடு. பார்த்தவுடன் பதில் எழுதக் கை வரும்.

புதன்கிழமை வேலை மழையில் போனால் போகட்டும். அந்த வரியை அடித்துவிட்டு வேறு நாளுக்கு மாற்று. திட்டம் மாறியதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ள வேண்டாம். எது தள்ளிப்போனது என்று தெரிந்திருந்தால், சீனியர் கேட்கும்முன் நீயே போய்ச் சொல்லலாம். புதிதாக வந்த இன்ஜினியர் மேல் நம்பிக்கை வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

ரிமைண்டரை இப்போதே வைத்துவிடு. முதல் தாளை எழுதியதும் ஒரு போட்டோ அனுப்பு. 28 நாள் கணக்கை மட்டும் உன்னோடு சேர்ந்து நானும் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா