ரெண்டு சரி விழுந்த ஓடர்

கொக்குவில் தையல்கடைக்கு அந்த அன்ரி திங்கட்கிழமை பின்னேரம் வந்து, “தம்பி, சட்டையள் முடிஞ்சுதோ?” எண்டு கேட்டா.

“எந்தச் சட்டை அன்ரி?”

“மகளின்ர கலியாணத்துக்குச் சாறிச் சட்டை, இருபத்திரண்டு பேருக்கு. வாட்ஸ்அப் மெசேச்சுக்கு ரெண்டு சரி விழுந்ததே.”

ரெண்டு சரியும் சாம்பல் நிறம். போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதன் அர்த்தம். யாரும் திறந்து பார்க்கவில்லை. வேலை முடிந்து காசு வாங்கினதும் அந்த வாடிக்கையாளரின் சாட்டை Archived பகுதிக்குள் தள்ளிவிடுவது கடைக்காரரின் பழக்கம். அன்ரியின் சாட் போன தைப்பொங்கலோடு அங்கே போனது. Keep chats archived போட்டிருந்தால் புது மெசேச் வந்தாலும் சாட் அங்கேயே கிடக்கும், சத்தமும் வராது. மேலே ஒரு சின்ன எண் மட்டும் கூடும். நல்லூர்க் கொடியேறின கிழமை வந்து குவிந்த முருகன் படங்களுக்குள் அந்த எண்ணை யார் பார்ப்பது?

துணிப்பை மட்டும் மெசேச் வந்த அன்றே கடைக்கு வந்திருந்தது. வாங்கிய பிள்ளை, அளவு கொடுக்க ஆள் வரும் என்று பில் எழுதாமல் தட்டில் வைத்துவிட்டாள். மூன்று கிழமைக்கு மேலாக அது அங்கேயே இருந்தது.

கலியாணம் ஞாயிறு. சட்டைகள் வெள்ளி இரவு கையில் இருக்கவேண்டும். லைனிங் போட்ட சட்டையை ஒரு பிள்ளை ஒரு நாளில் மூன்றுதான் தைப்பாள். இரண்டு பிள்ளைகள், நான்கு நாள்: இருபத்திநான்கு. அதில் பதினான்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை. பத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மீதிப் பன்னிரண்டையும் சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் தெரிந்த இரண்டு கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

அதற்கு முதல் அன்ரி அளவுகளைச் சொல்லி அனுப்பியிருந்த நான்கு நிமிஷக் குரல் மெசேச்சைக் கேட்டு எழுதவேண்டியிருந்தது. “மார்பு முப்பத்தாறு” என்றால் உடம்பளவா, தைத்த சட்டையின் அளவா? ஒன்றரை அங்குலம் பிழைத்தால் ஊக்கு பூட்டாது. ஆளுக்கொரு பழைய சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே ரேப் வைத்துப் படம் அனுப்பச் சொன்னார். பதினாறு பேர் அனுப்பினார்கள். கனடாவிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்த ஆறு பேருக்கும் பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு வெட்டினார், பிரிக்க இடம் இருக்கட்டும் என்று. பருத்தி லைனிங்கை அன்றிரவே தண்ணியில் ஊறப்போட்டுக் காயவிட்டார். அவசரத்தில் அதை விட்டால் முதல் தோய்ச்சலிலேயே சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

வெட்டினது எல்லாம் அவரே. கழுத்து ஆழம் கடைக்குக் கடை மாறினால் குடும்பப் படத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் பை போனது. ஒரு சட்டைக்கு ஊக்கு இடப்பக்கம் மாறித் தைபட்டிருந்தது. அதை வாசலில் நின்றபடியே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அவசரக்கூலி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.