பள்ளிப் பிள்ளைகளுக்கு வாராந்திர தொடக்கநிலை செஸ் வகுப்பு: நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் ஒரு வியாழன் மாலை, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் அப்பாவுடன் நம் கழகத்துக்கு வந்தாள். காய்கள் எப்படி நகரும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். மூன்று ஆட்டம் ஆடினாள். ஒன்றுகூட இருபது நகர்த்தலைத் தாண்டவில்லை. எதிரே உட்கார்ந்தவர் பொறுமையாகத்தான் ஆடினார், அவர்மேல் குறை இல்லை. ஆனால் எங்கே தவறினாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அங்கே யாரும் இல்லை. எல்லோருக்கும் அவரவர் ஆட்டம். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இப்படிப் போனவர்கள் இந்த ஆண்டில் எனக்குத் தெரிந்தே ஐந்து பேர்.

அதனால்தான் இந்தக் கடிதம். அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 11.30 வரை, நம் சின்ன அறையில் ஒரு தொடக்கநிலை வகுப்பு நடத்த அனுமதி கேட்கிறேன். முதலில் பத்து வாரம். பதினாறு பிள்ளைகள் போதும். நானும், வியாழன் மாலைகளில் ஆடும் இன்னும் மூன்று உறுப்பினர்களும் ஊதியம் இல்லாமல் சொல்லித்தரத் தயாராக இருக்கிறோம்.

முதல் நாளே 32 காய்களையும் அடுக்கிவைத்து விதிகளை ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வாரம் பலகையில் சிப்பாய்கள் மட்டும்தான். எட்டுக்கு எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. சிப்பாய் நேராக நகரும், சாய்வாக வெட்டும் என்பதை இந்த விளையாட்டிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ‘நான் இதை நகர்த்தினால் அவன் என்ன செய்வான்’ என்ற கேள்வியும் அங்கேயே பிறந்துவிடும். அப்புறம் யானை, பிஷப், ராணி. குதிரைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், அதில் அவசரப்பட முடியாது.

நான் அதிக நேரம் ஒதுக்க நினைப்பது ஆட்டத்தை முடிக்கும் கலைக்கு. ராணியும் யானையும் கையில் இருந்தும், எதிராளியின் ராஜாவுக்குச் செக் கொடுக்காமலே, அது நகர ஒரு கட்டம்கூட விட்டுவைக்காமல் ஸ்டேல்மேட் ஆக்கிவிட்டு, ஏன் டிரா என்று புரியாமல் விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு யானைகளை வைத்து ராஜாவை வரிசை வரிசையாக ஓரத்துக்குத் தள்ளி மேட் செய்வதை ஒரு தடவை தன் கையால் செய்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளையின் முகமே மாறிவிடும். நாலே நகர்த்தலில் f7-ல் ராணியை இறக்கி முடிக்கும் அந்த மேட்டையும் சீக்கிரமே காட்டிவிட வேண்டும். அதைத் தடுக்கத் தெரியாமல் பள்ளியில் தோற்று வெறுத்துப்போகிறவர்கள் நிறைய.

பெற்றோரிடம் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன்: செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று. இங்கிலாந்தில் நூறு பள்ளிகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கணக்கில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சரி, இருக்கட்டும். ஒரு பிள்ளை அசையாமல் உட்கார்ந்து ஒரே நிலையை ஐந்து நிமிடம் யோசிப்பதும், தோற்றபின் எதிராளிக்குக் கைகொடுப்பதும் எனக்குப் போதுமான காரணங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பு கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது, வீட்டார் வந்து அழைத்துப்போகும் வரை எங்களில் ஒருவர் காத்திருப்போம். பிள்ளைகளோடு பழகுவதற்கான நடத்தை விதிகளைக் குழுவே வகுத்துத் தந்தால் நால்வரும் கையெழுத்திடுகிறோம்.

செலவு அதிகம் இல்லை. அலமாரியில் பன்னிரண்டு செட் இருக்கிறது, எட்டு போதும். சுவரில் மாட்டும் விளக்கப் பலகை மட்டும் புதிதாக வேண்டும், பழையதில் காய்கள் நிற்பதில்லை. கடைசி வாரம் கடிகாரம் வைத்து, நகர்த்தல்களை எழுதவைத்து, அவர்களுக்குள்ளேயே ஒரு சிறு போட்டி நடத்தலாம். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியை அன்று கண்டிப்பாகக் கடைப்பிடிக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் குழுவிடம் மூன்று முடிவுகளை எதிர்பார்க்கிறேன்: சனிக்கிழமை அறை, விளக்கப் பலகைக்கான அனுமதி, பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்குக் கழகத்தின் பெயரில் ஒரு அழைப்புக் கடிதம். கடிதத்தின் வரைவை எழுதி வைத்திருக்கிறேன், கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். குழு ஒப்புக்கொண்டால், அந்தச் சிறுமியின் அப்பாவுக்குத்தான் முதலில் தகவல் சொல்ல விரும்புகிறேன்.

அன்புடன்,
கழக உறுப்பினர், வியாழன் மாலைக் குழு