மூலைக் கதிர்: பொங்கல் விழாவுக்கான களத்துப் பாட்டு

(பாடுபவர்கள்: ஐந்தாம் வகுப்பு. முறத்துடன் மேடை ஓரத்தில் நிற்பவள் முன்பாட்டு. மற்றவர்கள் இரண்டு வரிசையாகக் குனிந்து நிற்க வேண்டும். 'பொலி' என்னும்போது அறுக்கும் கை தன் பக்கம் இழுக்கும். அரிவாள் அட்டையில் செய்ததே போதும். வீட்டுக் கருக்கரிவாளை யாரும் பையில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். ஒரு சிறுமி அப்பாயி வேடத்தில், நெல் அளக்கும் மரக்காலுடன் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.)

முன்: பொலியோ பொலி!
குழு: பொலியோ பொலி!
முன்: பொழுது கிளம்பும் முன்னே வந்தோம்
குழு: பொலியோ பொலி!
முன்: பனி நனைத்த வரப்பின் மேலே
குழு: பொலியோ பொலி!
முன்: பாதம் வழுக்கும், பார்த்து நட
குழு: பொலியோ பொலி!
முன்: நண்டு வளையில் காலை விடாதே!
குழு: ஐயோ! பொலி!

முன்: மேட்டூர் மதகு திறந்த தண்ணீர்
குழு: எங்கே வந்தது?
முன்: முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு
குழு: பிறகு எங்கே?
முன்: காவிரி, வெண்ணாறு, புது ஆறு
குழு: பிறகு எங்கே?
முன்: வாய்க்கால், அதிலே கிளை வாய்க்கால்
குழு: பிறகு எங்கே?
முன்: எங்கள் வயலின் மடை வாயில்
குழு: மண்வெட்டி போட்டுத் திறந்தார் தாத்தா!

முன்: ஆவணியிலே?
குழு: நாற்றங்கால்!
முன்: புரட்டாசியிலே?
குழு: முழங்கால் சேறு!
முன்: ஐப்பசியிலே?
குழு: மழை! மழை! மழை!
முன்: கார்த்திகையிலே?
குழு: இன்னும் மழை!
முன்: மார்கழியிலே?
குழு: கதிருக்குள் பால்!
முன்: தையிலே?
குழு: தலை கவிழ்ந்த சம்பா!

முன்: வந்தது பார் அறுவடை இயந்திரம்
குழு: டுர்ர்ர்ர்!
முன்: வயலைச் சுற்றி வட்டம் போட்டது
குழு: டுர்ர்ர்ர்!
முன்: கஞ்சித் தூக்கு வரும் முன்னாலே
குழு: டுர்ர்ர்ர்!
முன்: கண்ணுக்கெட்டிய கதிரை விழுங்கியது
குழு: டுர்ர்ர்ர்!
முன்: மூலைக்கு வந்ததும் என்ன ஆனது?
குழு: (சுருதி இறங்கி) டுர்... டுர்... டுக்!
முன்: மூலைக் கதிரை யார் அறுப்பது?
குழு: நாங்கள் அறுப்போம்!
முன்: வரப்போரம் சாய்ந்ததை யார் தூக்குவது?
குழு: நாங்கள் தூக்குவோம்!

(இங்கே வேகம் குறைய வேண்டும். கை முன்னால், பாட்டு பின்னால்.)

முன்: இடது கையால் தாளைச் சேர்
குழு: சேர்த்தோம்!
முன்: விரலை உள்ளே மடக்கிக்கொள்
குழு: மடக்கினோம்!
முன்: அரிவாள் வாயை அடியில் கொடு
குழு: கொடுத்தோம்!
முன்: உன் பக்கமாக ஒரே இழுப்பு
குழு: சரக்!
முன்: இன்னொரு பிடி
குழு: சரக்!
முன்: பிடி பிடியாகச் சேர்த்து வைத்தால்?
குழு: அரி!
முன்: அரி அரியாக அள்ளி அடுக்கினால்?
குழு: கட்டு!
முன்: கட்டைக் கட்டக் கயிறு எங்கே?
குழு: வைக்கோலே கயிறு, பிரி முறுக்கு!

முன்: கழுத்தில் என்ன?
குழு: சுணை!
முன்: முதுகில் என்ன?
குழு: சுணை! சுணை!
முன்: சொறிந்தால் போகுமா?
குழு: போகாது!
முன்: அழுதால் போகுமா?
குழு: போகாது!
முன்: எதனால் போகும்?
குழு: வாய்க்காலில் குதித்தால்! தொப்!

முன்: களத்துமேட்டில் கட்டை இறக்கு
குழு: ஏலேலோ!
முன்: ஓங்கி அடித்தால் மணி தெறிக்கும்
குழு: ஏலேலோ!
முன்: முறத்தை உயர்த்து, காற்றைக் கூப்பிடு
குழு: வாடைக் காற்றே, வந்து போ!
முன்: பதரே!
குழு: பறந்து போ!
முன்: நெல்லே!
குழு: இங்கேயே நில்!

(அப்பாயி எழுந்து மரக்காலுடன் நடுவில் வருகிறாள். அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. நெல் விழும் ஓசை கேட்கட்டும்.)

முன்: அப்பாயி கையில் மரக்கால் பார்
குழு: பொலியோ பொலி!
முன்: தலை தட்டினார், சிந்தவில்லை
குழு: பொலியோ பொலி!
முன்: முதல் மரக்கால், என்ன எண்?
ஒரு சிறுவன்: ஒன்று!
குழு: (வாயைப் பொத்தி) ஐயையோ!
முன்: அப்பாயி முறைக்கிறார், திருத்திச் சொல்!
சிறுவன்: லாபம்!
குழு: லாபம்! லாபம்!
முன்: அடுத்தது?
குழு: இரண்டு!
முன்: இரண்டு யாருக்கு?
குழு: அடுத்த ஆண்டின் விதைக்கோட்டைக்கு!
முன்: மூன்று யாருக்கு?
குழு: அறுத்த கைக்குக் கூலி நெல்!
முன்: நான்கு?
குழு: புதுப் பானைக்கு!
முன்: குருவிக்கு ஒன்றும் இல்லையா?
குழு: வாசல் இறவாணத்தில் கதிர்க்கொத்து!
முன்: பன்னிரண்டு மரக்கால் நிறைந்தால்?
குழு: ஒரு கலம்!
முன்: அடுத்த கலத்தின் முதல் எண்?
சிறுவன்: (எல்லோருக்கும் முந்தி) லாபம்!

முன்: பால் ஏறுகிறது, பானை பார்!
குழு: பொங்கலோ பொங்கல்!
முன்: பந்தலில் இருப்பவர் குரல் கொடுங்கள்!
எல்லோரும்: பொங்கலோ பொங்கல்!
முன்: அப்பாயி, வேலை முடிந்ததா?
அப்பாயி: (கண்ணுக்கு மேல் கை வைத்து) எங்கே முடிந்தது? கிழக்கு மூலையில் நாலு கதிர் நிற்கிறது பாருங்கள்!

(குழு மீண்டும் குனிகிறது. அறுத்துக்கொண்டே வரிசையாக மேடையை விட்டு இறங்குகிறது.)

குழு: பொலியோ பொலி... பொலியோ பொலி...