பொருள்: ஜூனியர் கேம்ப்ளே புரோகிராமர் பணிக்கு விண்ணப்பம்

கோத்தகிரி
9 ஜூன் 2025

வணக்கம்.

கோவையில் உள்ள உங்கள் ஸ்டூடியோ அறிவித்திருக்கும் ஜூனியர் கேம்ப்ளே புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டுதான் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். காட்டுவதற்கு என்னிடம் இரண்டே கேம்கள் உள்ளன, அதிலும் ஒன்று அரைகுறை.

முடிந்தது 'பிரேக்ஸ்மேன்', கோடோ 4-இல் செய்தது. குன்னூரிலிருந்து கல்லாருக்கு இறங்கும் மலை ரயில் பல்சக்கரப் பாதையில், 12 அடிக்கு 1 அடி வரை சரிவில் போகும். பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் இன்ஜின் விசிலைக் கேட்டு பிரேக் போடுவார். சிறு வயதில் எனக்கு ஜன்னலை விட அவர் கைதான் வேடிக்கை. கேமில் அந்தக் கை ஆடுபவருடையது.

என் பழைய லேப்டாப்பில் 30 பிரேமில் ஓடியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நண்பனின் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பிரேக்கைத் தொட்டதுமே ரயில் நின்றுவிட்டது. ஒவ்வொரு பிரேமிலும் வேகத்தை 0.98-ஆல் பெருக்கியிருந்தேன். ஒரு நொடி பிரேக் பிடித்தால் என் லேப்டாப்பில் பாதிக்கு மேல் வேகம் மிஞ்சும், அவனிடம் 5 சதவீதம்தான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அந்த வரி இப்படி ஆனது:

```gdscript
speed *= exp(-1.2 * brake * delta)
```

அப்புறம் என் தம்பியின் புகார்: "அமுக்கினேன், பிடிக்கல." பார்த்தால், விசிலுக்கு ஒரு நொடிப்பொழுது முன்னாலேயே அமுக்கியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. இப்போது 0.12 நொடி வரை முந்தி அமுக்கினாலும் கேம் அதை நினைவில் வைத்து ஏற்றுக்கொள்ளும். 0.2 வைத்துப் பார்த்தேன், யார் ஆடினாலும் ஜெயித்தார்கள்.

அரைகுறையானது தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் கேம். நடுவில் காட்டெருமை வரும். மேய்வது, முறைப்பது, பாய்வது என்று அதற்கு மூன்று நிலைகள். முறைப்பதிலிருந்து மேய்ச்சலுக்குத் திரும்பும்போது சில சமயம் அப்படியே உறைந்துவிடுகிறது. காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சரிசெய்யாமல் அப்படியேதான் அனுப்பியிருக்கிறேன்.

சி++ கல்லூரிப் பாடத்தோடு சரி. யூனிட்டியில் மூன்று மாதமாகப் பழகுகிறேன். குழுவாக வேலை செய்ததில்லை, கிட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். நான் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்துவதற்காகவே சின்ன ஸ்டூடியோவாகத் தேடினேன்.

இரண்டு கேம்களின் இணைப்பும் மூல நிரலும் ரெஸ்யூமில் உள்ளன. ஒரு சின்ன டெஸ்ட் கொடுத்தால் வார இறுதிக்குள் செய்து அனுப்புகிறேன். நேரில் வரச் சொன்னால் காலை பஸ் பிடித்து வந்துவிடுவேன். வேலை கிடைத்தால் ஜூலை முதலே கோவையில் தங்கிக்கொள்ளலாம், அத்தை வீடு அங்கேதான்.

இப்படிக்கு,
நிவேதா