மின் தணிக்கை அறிக்கை: நூற்பாலை, வேடசந்தூர், ஏப்ரல் 2024 – மார்ச் 2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்

ஏப்ரலில் ஒரு கிலோ நூலுக்கு 4.01 யூனிட் செலவானது, மார்ச்சில் 5.11 யூனிட். 60-ஆம் நம்பருக்கு மாறியதுதான் காரணம் என்று மில்லில் எல்லோரும் சொன்னார்கள். அது பெருமளவு சரி. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் மாதம் ஒரு லட்ச ரூபாய் வீணாவது ஐந்து மாதமாக யார் கண்ணிலும் படவில்லை.

நைஸ் நம்பருக்குக் கிலோ ஒன்றுக்குக் கரண்ட் அதிகம் பிடிக்கும். அதனால் வெறும் கிலோவை வைத்து மாதங்களை ஒப்பிட முடியாது. மொத்த உற்பத்தியையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றி, மீட்டர் யூனிட்டோடு வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து விழுந்தன:

மாத யூனிட் = 1,12,000 + (2.8 × 40-ஆம் நம்பர் கிலோ)

மில் ஓடும் மாதத்தில் நூல் கூடினாலும் குறைந்தாலும் 1,12,000 யூனிட் நிலையாகப் போகும் என்று இதற்குப் பொருள். இந்தக் கணக்குப்படி மார்ச் மாதத்தின் 1,08,000 40-ஆம் நம்பர் கிலோவுக்கு 4,14,400 யூனிட் போதும். மீட்டர் காட்டியது 4,29,000. ஆக, கிலோவுக்குக் கூடிய 1.10 யூனிட்டில் 0.83 நம்பர் மாற்றத்தால், 0.10 உற்பத்தி குறைந்து நிலையான செலவைக் குறைந்த கிலோ சுமந்ததால். மீதி 0.17 வீண்.

நவம்பரில் 11,800, டிசம்பரில் 13,400, ஜனவரியில் 12,100, பிப்ரவரியில் 12,900, மார்ச்சில் 14,600 யூனிட் கூடுதல். மொத்தம் 64,800 யூனிட். உங்கள் பில்லின் சராசரியான யூனிட்டுக்கு ரூ.8 வீதம் ரூ.5.18 லட்சம். ஏற்ற இறக்கம் என்றால் ஒரு மாதம் கூடி ஒரு மாதம் குறைந்திருக்கும். ஐந்து மாதமும் ஒரே பக்கம் சாய்வதால், அக்டோபர் கடைசியில் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று தேடினேன்.

புது ஆட்டோகோனரை ஓட்டிப் பார்த்தபோது காற்றழுத்தம் குறைந்து மெஷின் அடிக்கடி நின்றிருக்கிறது. உடனே இரண்டாவது கம்ப்ரசரைப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு நிறுத்தவே இல்லை. அளந்து பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் அது லோடில் இருக்கிறது. லோடில் 45 கிலோவாட், அன்லோடில் சும்மா சுற்றும்போதும் 14 கிலோவாட். சராசரி 20.2 கிலோவாட், அதாவது மாதம் சுமார் 14,500 யூனிட். கூடுதல் கணக்கோடு இது கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது.

மில் நின்ற ஒரு நாளில் லீக் டெஸ்ட் செய்தோம். காற்று எடுக்கும் மெஷின் எதுவும் ஓடாத நிலையில் கம்ப்ரசர் 70 வினாடி லோடிலும் 80 வினாடி அன்லோடிலும் ஓடியது. நிமிடத்துக்கு 7.2 கனமீட்டர் தரும் கம்ப்ரசரில் 3.36 கனமீட்டர் கசிவுக்கே போகிறது. பெரும்பாலும் பழைய ரிங் ஃபிரேம் வரிசையின் கப்ளிங், ஹோஸ் முனை, டிரெயின் வால்வு. இதை 1 கனமீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒரே கம்ப்ரசர் போதும். கூடவே ஆட்டோகோனருக்குப் போகும் 20 மி.மீ. கிளைக் குழாயை மாற்ற வேண்டும். அதில் மட்டும் 0.8 பார் அழுத்தம் விழுகிறது. மெஷின் நின்றதற்கு உண்மையான காரணம் இதுதான். பெரிய குழாயும், மெஷின் அருகில் ஒரு ஏர் ரிசீவர் டேங்கும் போடுங்கள். கசிவு வேலையையும் சேர்த்து ஏறக்குறைய ரூ.1.5 லட்சம் ஆகும். மிச்சம் ஆண்டுக்குச் சுமார் ரூ.14 லட்சம்.

அடுத்து, பொங்கல் விடுமுறை. ஜனவரி 14 முதல் 16 வரை ஒரு கதிர்கூடச் சுற்றவில்லை; மீட்டரின் அரைமணிப் பதிவில் 96 கிலோவாட் இடைவிடாமல் ஓடியிருக்கிறது. ஹாஸ்டல், போர் பம்ப், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு மூன்றுக்கும் 21 கிலோவாட் போதும். ஆள் இல்லாத ஷெட்டில் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன், வேஸ்ட் சக்‌ஷன், விளக்கு, கசிவுக்காகவே ஓடிய கம்ப்ரசர் ஆகியவை மூன்று நாளில் 5,400 யூனிட்டைத் தின்றிருக்கின்றன. இதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. விடுமுறைக்கு முன் எதை எதை நிறுத்த வேண்டும், யார் நிறுத்த வேண்டும் என்று எழுதி ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

ரிங் ஃபிரேம் மோட்டார்களை மாற்ற ஒரு கொட்டேஷன் உங்களிடம் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். இப்போது வேண்டாம். ஏழு மாதக் கோட்டில் கிலோவுக்கான 2.8 யூனிட் அசையவே இல்லை. வீண் போவது அங்கே இல்லை. முதலில் கம்ப்ரசர் வேலையை மே மாதத்துக்குள் முடியுங்கள்.

தினமும் காலை 8 மணிக்கு மெயின் மீட்டர், கம்ப்ரசர் மீட்டர், முந்தைய நாளின் 40-ஆம் நம்பர் கிலோ மூன்றையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜூன் மாத பில் வந்ததும் அந்த நோட்டோடு இந்தக் கோட்டை மறுபடி சரிபார்க்கிறேன்.